நான் எழுதிய ஐந்து சதவீதம்

சாலையில் போகும் வண்டிகளை எண்ணுவது என் தொழில். சொன்னால் யாரும் நம்புவதில்லை. "அதுக்கு எஞ்சினியரிங் படிக்கணுமா?" என்று ஒரு கல்யாணப் பந்தியில் என் நாத்தனார் சத்தமாகக் கேட்டார். பாயசம் ஊற்றிக்கொண்டிருந்தவர்கூடத் திரும்பிப் பார்த்தார். எனக்குச் சுருக்கென்றது. ஆனாலும் அவர் கேட்டதில் பாதி நியாயம்தான். இன்று எத்தனை வண்டி போகிறது என்பதற்கு எண்ணினால் பதில் கிடைக்கும். அடுத்த வருடம் எத்தனை போகும் என்பதற்குக் கொஞ்சம் யோசித்தால் கிடைக்கும். பன்னிரண்டு வருடம் கழித்து எத்தனை போகும் என்பதற்குப் பதிலே கிடையாது. ஆனால் எனக்குச் சம்பளம் வருவது அந்தக் கடைசிக் கேள்விக்குத்தான்.

புத்தூரில் ஒரு மருந்துக் கடையின் மாடியில் என் ஆபீஸ். ஆபீஸ் என்றால் நான், ஒரு கணினி, மத்தியானம் தவறாமல் நின்றுபோகும் ஒரு ஏசி. கீழே ஆஸ்பத்திரிக்கு வந்தவர்கள் மாத்திரைச் சீட்டோடு நிற்பார்கள். மேலே என்னிடம் வருகிறவர்கள் முகத்திலும் கிட்டத்தட்ட அதே களைதான் இருக்கும். ஏதாவது ஒரு எண்ணைச் சொல்லுங்கள், நல்லதாகச் சொல்லுங்கள் என்று கேட்கிற முகம்.

அப்படித்தான் ஒரு சித்திரை மாதத்து நண்பகலில் அந்தக் கான்ட்ராக்டர் படியேறி வந்தார். எடமலைப்பட்டி புதூர்க்காரர். இரண்டு ரோலர், ஒரு தார்க் கலவை பிளான்ட், முப்பது வருட அனுபவம். அவர் போட்ட சாலைகளை நான் அளந்திருக்கிறேன். தார் கனத்தில் கை வைக்காதவர். எங்கள் தொழிலில் ஒருவரைப் பற்றி அதற்கு மேல் நல்லதாகச் சொல்ல ஒன்றும் இல்லை.

அவர் கொண்டுவந்த விஷயம் இது. மணப்பாறையைத் தாண்டி மேற்கே பிரியும் ஒரு சுங்கச் சாலை. அதைப் போட்ட கம்பெனிக்கு இருபது வருடம் கட்டணம் வசூலிக்கும் உரிமை. எட்டு வருடம் ஓடிவிட்டது. மீதிப் பன்னிரண்டு வருடத்தை அந்தக் கம்பெனி விற்கிறது. நெடுஞ்சாலை ஆணையத்தின் சம்மதத்தோடு இவர் வாங்கிக்கொண்டால் பன்னிரண்டு வருடம் இவர் வசூலிக்கலாம். பராமரிப்பதும் இவர் பொறுப்பு. பன்னிரண்டாவது வருடத்தின் கடைசி நாளன்று சாலையை ஆணையத்திடம் ஒப்படைத்துவிட்டுக் கிளம்ப வேண்டும். சில ஒப்பந்தங்களில் போக்குவரத்து குறைந்தால் காலத்தை நீட்டித் தருவார்கள். இதில் அந்தப் பேச்சே இல்லை. வண்டி வந்தாலும் வராவிட்டாலும் தேதி தேதிதான்.

"முப்பது வருஷமா அடுத்தவன் ரோட்டுக்கே தார் ஊத்திட்டேன் மேடம். ஒரே ஒரு ரோடாவது நம்ம ரோடா இருக்கணும்னு ஆசை" என்றார்.

அந்த வார்த்தை எனக்கு அப்போதே உறுத்தியது. நம்ம ரோடு. ஆனால் வெயிலில் வந்த மனிதரிடம் தண்ணீர் கொடுப்பதற்கு முன்னால் ஒப்பந்தப் பாடம் எடுக்க மனம் வரவில்லை.

வங்கி கடன் தரத் தயாராக இருந்தது. இரண்டு நிபந்தனைகள். ஒன்று, என்னைப் போல வெளியாள் ஒருவர் கையெழுத்திட்ட போக்குவரத்து அறிக்கை. இன்னொன்று, ஸ்ரீரங்கத்தில் வடக்கு உத்தர வீதியில் இருந்த வீடு. அது அவர் மனைவிக்குப் பிறந்த வீட்டு வழியாக வந்தது. சாலைக்குக் கடன் கேட்டால் வீட்டை ஏன் கேட்கிறார்கள் என்று அவருக்குப் புரியவில்லை. காரணம் எளிது. சாலை அவருடையது ஆகப்போவதில்லை. ஆணையத்தின் சொத்தை யாரும் அடமானம் வைக்க முடியாது. வசூல் வந்தால் வங்கிக்கு வரும். வராவிட்டால் வங்கி பிடித்துக்கொள்ள வேறு ஏதாவது வேண்டும்.

"அதெல்லாம் சம்பிரதாயம் மேடம். மூணு ரிப்போர்ட்லயும் வருஷத்துக்கு அஞ்சு சதவீதம் வண்டி கூடும்னு இருக்கு. நீங்களும் பாத்து ஒன்னு குடுத்துட்டீங்கன்னா முடிஞ்சிரும்" என்று ஒரு கனமான ஃபைலை மேசையில் வைத்துவிட்டுப் போனார்.

பாத்து என்றால் எங்கள் ஊரில் இரண்டு விதமாகவும் எடுத்துக்கொள்ளலாம். நான் எண்ணிப் பார்ப்பது என்று எடுத்துக்கொண்டேன்.

ஏழு நாள், நாளுக்கு இருபத்து நான்கு மணி நேரம். நான்கு பேரை முறை வைத்து உட்காரவைத்தேன். பகலில் பாதி நேரம் நானே போய் உட்கார்ந்தேன். இந்த வயதில் முழங்கால் அதற்கு ஒத்துக்கொள்வதில்லை. ஆனால் அடுத்தவர் எண்ணியதை மட்டும் வைத்துக் கையெழுத்துப் போடுகிற தைரியமும் எனக்கு இப்போது இல்லை. மணப்பாறையில் பஸ் மாறி, முறுக்கு வாங்கி, அதுதான் காலைச் சாப்பாடு. சுங்கச்சாவடிக்கு அருகே ஒரு வேப்பமரம். ஆணையத்தின் சாலைகளில் எனக்குப் பிடித்த ஒரே சொத்து அதுதான்.

சந்தை நாளன்று கான்ட்ராக்டரே காரில் வந்து இறங்கினார். சாவடியில் வரிசை நீண்டிருந்தது. மாடு ஏற்றிய குட்டி யானை வேன்கள், லாரிகள், நடுவில் பைக்குகள். அவர் முகத்தில் அப்படி ஒரு பூரிப்பு. பெண் பார்க்க வந்தவர் பெண்ணைவிட வீட்டைப் பார்த்துச் சந்தோஷப்படுவது போல.

"பாருங்க மேடம் கூட்டத்த! அஞ்சுங்கறான், நான் சொல்றேன், எட்டு வரும்."

"பைக்குக்குக் கட்டணம் கிடையாது சார்."

"தெரியும் தெரியும். குட்டி யானையப் பாருங்க."

"முக்காவாசி உள்ளூர் வண்டி. மாசப் பாஸ். இன்னைக்கு நாலு தடவை போனாலும் அதே காசுதான்."

"லாரி?"

"லாரி போன வருஷத்தவிடக் கொஞ்சம் கம்மி. பெரிய லாரியா வாங்கிட்டாங்க. ரெண்டு வண்டி சரக்கு ஒரே வண்டில போவுது. பெரிய வண்டிக்குக் கட்டணம் ஜாஸ்திதான், அதையும் சேத்துத்தான் பாக்கறேன்."

அவர் பூரிப்பு கொஞ்சம் இறங்கியது. கோபித்துக்கொள்ளவில்லை. "நீங்க எதயும் நல்ல வார்த்தையா சொல்ல மாட்டீங்களா மேடம்?" என்று கேட்டுவிட்டு எனக்கு ஒரு இளநீர் வாங்கிக் கொடுத்துவிட்டுப் போனார். அந்த இளநீர் பிறகு பல நாள் என் தொண்டையில் நின்றது.

சாவடியின் கணினியில் எட்டு வருடப் பதிவுகள் இருந்தன. ஃபாஸ்டேக் வந்த பிறகு அவற்றில் பொய் சொல்வது கஷ்டம். நாங்கள் எண்ணிய ஏழு நாளையும் அவர்கள் பதிவில் இருந்த அதே ஏழு நாளையும் வைத்துப் பார்த்தேன், பொருந்தியது. அதனால் பழைய வருடங்களையும் நம்பலாம் என்று முடிவு செய்தேன். முதல் இரண்டு வருடம் புதுச் சாலை மோகத்தில் வண்டிகள் நன்றாகக் கூடியிருந்தன. பிறகு கழுதை தேய்ந்து கட்டெறும்பு ஆன கதை. தெற்கே கட்டணம் இல்லாத பழைய சாலையை அரசு அகலப்படுத்தியிருந்தது. கடைசி நான்கு வருடமாக வளர்ச்சி மூன்றைத் தொடுவதற்கே மூச்சு வாங்கியது.

அப்படியானால் மூன்று அறிக்கைகளும் எதை வைத்து ஐந்து என்றன? ஃபைலைப் பிரித்தேன். விற்கும் கம்பெனி சமீபத்தில் வாங்கிய அறிக்கை, ஐந்து என்பதற்கு ஆதாரமாக வங்கிகளுக்காக முன்பு எழுதப்பட்ட ஒரு அறிக்கையைக் காட்டியது. அது, சாலை போடுவதற்கு முன்னால் தயாரித்த முதல் திட்ட அறிக்கையைக் காட்டியது. பின்னிணைப்பில் அந்த முதல் அறிக்கையின் நகல் இருந்தது. பக்கத்தைப் புரட்டினேன். அட்டவணைக்குக் கீழே பேனாவால் எழுதிய ஒரு குறிப்பும் ஓரத்தில் ஒரு சுருக்கக் கையெழுத்தும் மங்கலாகத் தெரிந்தன.

என் கையெழுத்து.

பதினான்கு வருடத்துக்கு முன்னால் நான் வேறொரு நிறுவனத்தில் இருந்தேன். முப்பத்து மூன்று வயது, வீட்டில் சின்னக் குழந்தை, மாலை ஐந்தரை பஸ்ஸைப் பிடிக்க வேண்டும் என்பதே அன்றாட லட்சியம். அந்தச் சாலைக்குத் தார் எத்தனை கனம் போட வேண்டும் என்று கணக்கிடும் வேலை என்னிடம் இருந்தது. அதற்கு லாரிகள் வருடத்துக்கு எவ்வளவு கூடும் என்று ஒரு எண் வேண்டும். பழைய பதிவு எதுவும் இல்லை. பதிவு இல்லாவிட்டால் குறைந்தது ஐந்து சதவீதம் என்று வைத்துக்கொள் என்பது எங்கள் வழிகாட்டு விதி. அதில் ஒரு தவறும் இல்லை. கனம் போடும்போது வண்டியைக் கூட்டி நினைப்பதுதான் பத்திரம். நினைத்ததைவிடக் கம்மியாக வந்தால் சாலை கூடக் கொஞ்ச காலம் உழைக்கும், அவ்வளவுதான். ஐந்து என்று எழுதினேன். பஸ்ஸைப் பிடித்தேன்.

வசூலுக்கு அது அப்படியே தலைகீழ். அங்கே வண்டியைக் கூட்டி நினைப்பதுதான் ஆபத்து. சாலை உடையாமல் இருக்க எழுதிய எண்ணை யாரோ எடுத்து வசூல் வளர்ச்சி என்று போட்டுவிட்டார்கள். அதைப் பார்த்து இன்னொருவர், அவரைப் பார்த்து மற்றொருவர். யாரும் வேப்பமரத்தடியில் உட்கார்ந்து எண்ணவில்லை. பரீட்சையில் பக்கத்துப் பையனைப் பார்த்து எழுதுகிறவன்கூட அவன் நன்றாகப் படிக்கிறவனா என்று பார்த்துத்தான் எழுதுவான்.

அன்று முழுக்க எனக்கு வேலை ஓடவில்லை. என் மீதா, அவர்கள் மீதா, யார் மீது கோபப்படுவது என்று தெரியாத ஒரு சோர்வு. அந்த ஐந்தை நம்பி ஒரு கம்பெனிக்காரர் சாலையைப் போட்டிருக்கிறார். எட்டு வருடம் கடன் கட்டிக் கட்டி அலுத்து இப்போது விற்கிறார். அந்த மனிதரை நான் பார்த்ததுகூட இல்லை. இனி அதே ஐந்தை நம்பி இன்னொருவர் மனைவியின் வீட்டை வைக்கப் போகிறார். அவர் எனக்கு இளநீர் வாங்கிக் கொடுத்தவர்.

மூன்று சதவீதத்தைப் போட்டுக் கணக்கை ஓட்டினேன். வங்கி, உரிமைக் காலம் முடிவதற்கு இரண்டு வருடம் முன்பே கடன் முடிந்துவிட வேண்டும் என்று கேட்டிருந்தது. ஐந்தில் பத்தாவது வருடத்தில் முடிந்தது. மிச்ச இரண்டு வருட வசூல் அவருக்கு. மூன்றில் கடன் பன்னிரண்டாவது வருடம் வரை இழுத்துக்கொண்டே போனது. எனக்கே பிடிக்காமல் இரண்டு முறை சரிபார்த்தேன். எண் மாறவில்லை.

ஞாயிற்றுக்கிழமை ஸ்ரீரங்கத்து வீட்டுக்கு வரச் சொல்லியிருந்தார். அடமானப் பத்திரம் மறுநாள் கையெழுத்தாக வேண்டும். என் வீடும் ஸ்ரீரங்கத்தில்தான், ஆனாலும் காலையில் ஆபீசுக்குப் போய்த் தாள்களை அச்செடுக்க வேண்டியிருந்தது. ஒன்றாம் நம்பர் பஸ்ஸில் திரும்பும்போது காவிரிப் பாலத்தில் வழக்கம்போல வண்டிகள் ஊர்ந்தன. கை தானாக எண்ணத் தொடங்கியது. போதும்டி என்று எனக்கே சொல்லிக்கொண்டேன்.

அவருடைய மனைவியை அன்றுதான் முதலில் பார்த்தேன். ஐம்பது வயதிருக்கும். அந்த வீட்டின் மாடியை ஒரு ரயில்வே குடும்பத்துக்கு ஒத்திக்கு விட்டிருந்தார். மொத்தமாக ஒரு தொகையை வாங்கிக்கொண்டு, வாடகை கேட்காமல் மூன்று வருடம் குடியிருக்கவிட்டு, காலி செய்யும்போது அதே தொகையைத் திருப்பிக் கொடுப்பது. தண்ணீர் வரியிலிருந்து மோட்டார் ரிப்பேர் வரை அந்த வீட்டு விவகாரம் முழுவதும் அவர் கையில். காபி கொடுத்துவிட்டு உள்ளே போய்விடாமல் எதிரிலேயே உட்கார்ந்துகொண்டார்.

"அஞ்சு வந்துச்சுங்களா மேடம்?" என்றார் கான்ட்ராக்டர்.

"மூணு வந்துச்சு."

அவர் சிரித்தார். "மூணுக்கும் அஞ்சுக்கும் ரெண்டுதான வித்தியாசம்?"

தாளில் எழுதிக் காட்டினேன். இன்று நூறு வண்டி என்றால், அடுத்த வருடம் நூற்றைந்தா நூற்று மூன்றா என்பதில் ஒன்றும் இல்லை. ஆனால் பன்னிரண்டு வருடத்தில் ஐந்தில் போனால் நூற்று எண்பதுக்குப் பக்கம். மூன்றில் போனால் நூற்று நாற்பத்து மூன்று. வித்தியாசம் முழுக்கக் கடைசி வருடங்களில்தான் விழுகிறது. அவர் லாபம் வைத்திருந்ததும் அந்தக் கடைசி வருடங்களில்தான்.

"மூணு ரிப்போர்ட்ல அஞ்சுன்னு எழுதியிருக்கான். மூணு பேரும் மடையனா?"

"மூணு பேரும் ஒருத்தரப் பாத்து எழுதியிருக்காங்க சார்."

"யாரப் பாத்து?"

"என்னைப் பாத்து."

பின்னிணைப்புப் பக்கத்தை எடுத்து வைத்தேன். தார் கனம், வழிகாட்டு விதி, ஐந்தரை பஸ் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் அந்தச் சுருக்கக் கையெழுத்தையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார். திட்டுவார் என்று நினைத்தேன். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"அப்ப ஒரு தடவ எழுதுனீங்கல்ல மேடம். இன்னொரு தடவ எழுதறதுக்கு என்ன?"

கேலியாகக் கேட்கவில்லை. உண்மையாகவே கேட்டார். எழுதுவது சுலபம். எழுதிவிட்டால் இந்த அறையை விட்டு நல்ல பெயரோடு போய்விடலாம். தவறு என்று தெரிய இன்னும் பத்து வருடம் ஆகும். அதற்குள் நானே தொழிலை விட்டிருப்பேன்.

"நல்லா ஓடற ரோட்ட அவங்க ஏன் விக்கறாங்க?" மனைவிதான் கேட்டார்.

"அவங்களுக்கு வேற எடத்துல பணம் தேவைப்படுது" என்றார் கணவர்.

"நமக்கு மட்டும் தேவைப்படலயா?"

கான்ட்ராக்டர் பையிலிருந்து ஒரு பழைய டைரியை எடுத்தார். அவருடைய சொந்தக் கணக்கு. வருடவாரியாகப் பன்னிரண்டு வரி, சுத்தமான கையெழுத்து. "மூணே வெச்சுக்கங்க மேடம். அப்பவும் நஷ்டம் வராது, பாருங்க" என்று நீட்டினார். பார்த்தேன். மனிதர் பராமரிப்புச் செலவு, ஆட்கள் சம்பளம், வட்டி எதையும் விடவில்லை. பன்னிரண்டாவது வரிக்குக் கீழே இன்னொரு வரி இருந்தது. 'ரோட்டோட மதிப்பு' என்று எழுதி, இன்று வாங்கப்போகும் விலையையே வரவாகப் போட்டிருந்தார். அந்த ஒரு வரிதான் அவருடைய கணக்கு முழுவதையும் தாங்கி நின்றது.

"இது என்ன சார்?"

"ரோடு அங்கதான மேடம் இருக்கும்? எங்க போயிடும்? மதிப்பு கூடத்தான் செய்யும்."

முப்பது வருடம் சாலை போட்டவர். ரோலர், பிளான்ட், மனை, வாங்கியது எல்லாம் அவர் கையிலேயே இருந்தது. விற்றால் விலை வந்தது. இதுவும் அப்படித்தான் என்று மனசு எழுதிக்கொண்டுவிட்டது. ஒப்பந்தத்தைப் படிக்காதவர் இல்லை. படித்ததை நம்பாதவர்.

மெதுவாகச் சொன்னேன். கடைசி நாளில் கையில் ஒன்றும் வராது. அதுவும் போகட்டும், வெறுமனே விட்டுவிட்டும் போக முடியாது. முடிய ஒரு வருடம் இருக்கும்போதே ஆணையத்தின் ஆட்கள் வந்து சாலை முழுக்க நடந்து பட்டியல் போடுவார்கள். குழி, விரிசல், பாலத்து இணைப்பு எல்லாம் சரிசெய்ய வேண்டும். கருவி வைத்து மேடு பள்ளம் அளப்பார்கள். அளவு தாண்டினால் மேலே ஒரு அடுக்குத் தார். கடைசி மாதங்களின் வசூலில் ஒரு பங்கைப் பிடித்து வைத்துக்கொண்டு, திருப்தியான பிறகுதான் தருவார்கள். ஒப்படைத்த பின்னும் சில மாதம் எது பழுதானாலும் இவர் செலவு.

மனைவி என்னைப் பார்த்துத் திரும்பி உட்கார்ந்தார்.

"அப்ப இது ஒத்தி மாதிரிதானங்க?"

"கிட்டத்தட்ட."

"என்ன கிட்டத்தட்ட? ஒத்தின்னா காலி பண்றப்ப குடியிருந்தவங்க குடுத்த பணத்த முழுசாத் திருப்பிக் குடுத்துடுவோம். இதுல பணமும் வராது, வெள்ளையும் அடிச்சுக் குடுத்துட்டு, சாவிய வெச்சுட்டுப் போகணுமா?"

"ஆமாங்க. மொதல்ல கட்டற பணம், அதுக்கு வட்டி, பராமரிப்பு, கடைசியா வெள்ளையடிக்கற செலவு, எல்லாமே இந்தப் பன்னெண்டு வருஷ வசூலுக்குள்ள வந்தாகணும்."

"மூணு சதவீதத்துல வருமா?"

"இந்த வெலைக்கு வராது. வெலைய நல்லாக் கொறைச்சா வரும்."

கான்ட்ராக்டர், விலையைக் குறைக்க அந்தக் கம்பெனி மறுத்துவிட்டதாகச் சொன்னார். தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னார்.

மனைவி கேட்டார்: "நீங்களா இருந்தா நாளைக்குக் கையெழுத்துப் போடுவீங்களா?"

எங்கள் தொழிலில் இதற்குப் பதில் சொல்லக் கூடாது. போக்குவரத்து எங்கள் பொறுப்பு, முடிவு உங்கள் பொறுப்பு என்று சொல்லிவிட்டு எழுந்திருக்க வேண்டும். அந்த வாக்கியத்தை எத்தனையோ அறைகளில் சொல்லியிருக்கிறேன். அன்று அது வாயில் வரவில்லை.

"மாட்டேன்" என்றேன்.

மனைவி தலையாட்டினார். டைரியை எடுத்துக் கடைசி வரியை விரலால் தொட்டுப் பார்த்துவிட்டு மூடிக் கணவரிடம் கொடுத்தார். "நானும் போடலங்க" என்றார். சண்டை இல்லை, சத்தம் இல்லை.

கான்ட்ராக்டர் வாசல் வரை வந்தார். செருப்பை மாட்டிக்கொண்டிருந்தபோது, "ஒரே ஒரு ரோடு மேடம்" என்றார். அவ்வளவுதான். ஒரு குடும்பத்தின் வீட்டைக் காப்பாற்றிவிட்டேன் என்கிற சந்தோஷம் எனக்கு வந்திருக்க வேண்டும். வரவில்லை. வீடு வரை நடப்பதற்குள் இரண்டு இடத்தில் நின்று மூச்சு வாங்கினேன்.

நான் மூன்று என்றே எழுதிக் கொடுத்தேன். அறிக்கையின் முதல் பக்கத்திலேயே, பழைய ஐந்து எங்கிருந்து வந்தது, யார் எழுதியது, எதற்காக எழுதியது என்பதையும் சேர்த்தேன். என் வாழ்க்கையில் நான் எழுதிய நேர்மையான பத்தி அதுதான். எவரும் படித்ததாகத் தெரியவில்லை. சாலையை வேறு ஊர்க் கம்பெனி ஒன்று வாங்கியது. அவர்கள் எந்த எண்ணை வைத்து வாங்கினார்கள் என்று எனக்குத் தெரியாது. கேட்டுத் தெரிந்துகொள்ளப் பயமாக இருந்தது.

ஐப்பசி மழை பிடித்துக்கொண்ட ஒரு நாள், படியில் தெரிந்த நடைச் சத்தம். கான்ட்ராக்டர். ஆறு மாதம் பேசாமல் இருந்தவர், குடையை மூலையில் சாத்திவிட்டுச் சிரித்தார்.

"வேல கெடச்சிருக்கு மேடம். வீட்ட அடமானம் வெக்காம."

அரசுச் சாலை ஒன்றைப் பலப்படுத்தும் வேலை. தார் கனத்தையும் ஒப்பந்தக்காரரே கணக்கிட்டுக் கொடுக்க வேண்டும். போட்ட பிறகு ஐந்து வருடம் பழுது பார்ப்பதும் அவர் பொறுப்பு. கணக்கைத் தட்டச்சு செய்தே கொண்டுவந்திருந்தார். நான் சரிபார்த்துக் கையெழுத்துப் போட்டால் போதும். வீட்டில் எல்லோரும் சுகமா என்று கேட்டேன். மாடியில் குடியிருந்தவர்கள் காலி செய்துவிட்டார்களாம். மனைவி ஒத்திப் பணத்தைப் பைசா குறையாமல் திருப்பிக் கொடுத்துவிட்டு, "வெள்ள நாமதான் அடிக்கணும், ஞாபகம் இருக்கட்டும்" என்று இவரைப் பார்த்துச் சிரித்தாராம். சொல்லும்போது அவரும் சிரித்தார்.

தாளைப் பிரித்தேன். லாரிகளின் வருடாந்தர வளர்ச்சி: மூன்று சதவீதம். ஆதாரம்: என் அறிக்கை.

"உங்க மூணேதான் மேடம்" என்றார் பெருமையாக. "அன்னைக்கு என்ன சண்ட போட்டேன் உங்ககிட்ட. இப்ப எங்க போனாலும் மூணுதான்."

நான் கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தேன். இது தார் கனம் என்றேன். இங்கே குறைத்து நினைத்தால்தான் ஆபத்து. மூன்று என்று நம்பிக் கனத்தைக் குறைத்து, லாரிகள் ஆறு சதவீதம் கூடினால், இரண்டாவது மழைக்குச் சாலை வாய் பிளக்கும். ஐந்து வருடம் இவர் கைக்காசைப் போட்டு அடைத்துக்கொண்டே இருக்க வேண்டும். அடமானம் வைக்காத வீட்டுக்குக் கடன் கட்டுவது போல. எல்லாம் என் பெயரில்.

"அங்க மூணுதான் பத்திரம்னீங்க. இங்க மூணு தப்புங்கறீங்க. அப்ப அஞ்சு போட்டுக்கவா?"

"எதையும் போட்டுக்காதீங்க சார்!" நான் கத்தியதில் கீழே மருந்துக் கடையில் பேச்சு நின்றது. "அது வேற ரோடு. அந்த ரோட்டுல போயி எண்ணணும். ஏழு நாள்."

"மழையிலயா?"

"மழ விட்டதும்."

அவர் தாளைத் திரும்ப வாங்கி, மூன்று என்ற எண்ணைப் பேனாவால் அடித்தார். ஆதாரம் என்ற வரியையும் அடித்தார். இரண்டு இடமும் காலியாக இருந்தன. நான் அப்படிக் காலியாக விட்டிருக்க வேண்டும், பதினான்கு வருடத்துக்கு முன்னால்.

அடுத்த வாரம் மழை விட்டது. காலை ஆறு மணிக்கு நான் போய்ச் சேர்ந்தபோது அவர் எனக்கு முன்னால் வந்திருந்தார். சாலையோரத்தில் இரண்டு பிளாஸ்டிக் நாற்காலிகள் போட்டிருந்தார். ஒன்று எனக்கு.